பழைய முகவரி, புதிய கடை: சேமித்த பிரதிகளை வைத்து ஒரு இணையக் கடையின் முன்கதையைப் பார்ப்பது எப்படி

ஒரு இணையக் கடையின் அடிப்பகுதியில் "2009 முதல் உங்கள் சேவையில்" என்று போட்டிருக்கிறது. டொமைன் வயதைக் காட்டும் ஏதோ ஒரு கருவியில் தட்டிப் பார்த்தால் அதுவும் பழைய முகவரி என்றே சொல்கிறது. பலர் இந்த இடத்தில் திருப்தியடைந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் முகவரியின் வயது வேறு, கடையின் வயது வேறு. இணைய முகவரி என்பது கைமாறக்கூடிய பொருள். முன்பு வைத்திருந்தவர் புதுப்பிக்காமல் விட்டால் அது மறுபடி விற்பனைக்கு வரும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய முகவரிக்குத் தேடுபொறியிலும் வாடிக்கையாளர் மனதிலும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது என்பதால், அதற்காகவே தேடி வாங்குபவர்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. முகவரி புதிது, பெயர் புதிது, ஆனால் நடத்துபவர்கள் பழையவர்கள். முந்தைய பெயரில் புகார்கள் குவிந்ததால் பெயரை மாற்றிக்கொண்டு அதே கடையைத் தொடர்கிறார்கள்.

இந்த இரண்டையும் கண்டுபிடிக்க, இணையதளங்களின் சேமித்த பழைய பிரதிகள் பெரிதும் உதவும். கருவியைத் திறப்பது எளிது. என்ன பார்க்க வேண்டும், பார்த்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

எங்கே பார்ப்பது

முதலில் போக வேண்டிய இடம் வேபேக் மெஷின். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதை நடத்துகிறது. 1996-லிருந்து இணையப் பக்கங்களைச் சேகரித்து, 2001-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். கணக்குத் தொடங்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். உலாவியின் முகவரிப் பட்டியில் இப்படித் தட்டுங்கள்:

```
https://web.archive.org/web/*/example.com
```

`example.com` இருக்கும் இடத்தில் நீங்கள் பார்க்க விரும்பும் கடையின் முகவரியைப் போடுங்கள். `www` சேர்த்தாலும் விட்டாலும் ஒரே முடிவுதான் வரும்.

மேலே ஆண்டுவாரியாக ஒரு பட்டை தெரியும், கீழே ஒரு நாட்காட்டி. பிரதி எடுக்கப்பட்ட நாட்களில் வண்ண வட்டங்கள் இருக்கும். நீலம் என்றால் பக்கம் ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது. பச்சை என்றால் அந்த முகவரி அன்று வேறொரு முகவரிக்குத் திருப்பி விட்டிருக்கிறது. ஆரஞ்சு என்றால் "பக்கம் இல்லை" போன்ற பிழை, சிவப்பு என்றால் சர்வர் பக்கத்துப் பிழை. புதியவர்கள் நீலத்தை மட்டும் சொடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நம் வேலைக்குப் பச்சை வட்டங்கள் அதைவிட முக்கியம். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

ஒரு பிரதியைத் திறந்தால் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். `20190314082210` என்றால் 2019 மார்ச் 14, காலை 8 மணி 22 நிமிடம் 10 வினாடி. இது கிரீன்விச் நேரக் கணக்கு. பக்கத்தின் உள்ளே அச்சாகியிருக்கும் தேதியைவிட இந்த எண்ணையே நம்புங்கள். அடிக்குறிப்பில் வரும் ஆண்டை ஸ்கிரிப்ட் தானாக எழுதியிருக்கலாம், கடைக்காரரே விருப்பம்போல் போட்டிருக்கவும் செய்யலாம்.

முதல் சுற்று: முறிவு எங்கே

எல்லாப் பிரதிகளையும் வரிசையாகத் திறக்க வேண்டாம். பட்டையில் முதல் ஆண்டைத் திறந்து ஒரு பிரதியைப் பாருங்கள். பிறகு கடைசி ஆண்டைப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு கடைகள் போலத் தெரிந்தால் நடுவில் ஒரு ஆண்டைத் திறங்கள். அது பழையதைப் போல இருந்தால் பின் பாதியில் தேடுங்கள், புதியதைப் போல இருந்தால் முன் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், நூற்றுக்கணக்கான பிரதிகள் இருந்தாலும் ஏழெட்டு முறை திறப்பதற்குள் மாற்றம் நடந்த இடைவெளி கைக்கு வந்துவிடும். ஒரு முறைக்கு மேல் மாறியிருந்தால் இந்த வழி ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். அதனால் கடைசியில் ஆண்டுக்கு ஒன்றாகவாவது ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மாற்றம் நடந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கடை தன் தோற்றத்தைப் புதுப்பித்தால் இன்று பழைய வடிவம், அடுத்த பிரதியில் புது வடிவம் என்று இருக்கும். பொருட்கள், தொடர்பு எண், கணக்கு நுழைவு எல்லாம் தொடரும். முகவரி கைமாறியிருந்தால் பெரும்பாலும் நடுவில் ஒரு வெறுமை தெரியும். சில மாதங்கள் பிழை வட்டங்கள், அல்லது "இந்த டொமைன் விற்பனைக்கு" என்ற பக்கம், அல்லது விளம்பர இணைப்புகள் மட்டும் நிரம்பிய ஒரு வெற்றுப் பக்கம். பிறகு திடீரென்று, தொடர்பே இல்லாத ஒரு புதிய தளம்.

இதைப் பதிவு விவரத்தோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் உறுதியாகும். `lookup.icann.org` போய் அதே முகவரியைத் தட்டினால் `Created` என்று ஒரு தேதி வரும். முகவரி காலாவதியாகி, முழுதாக நீக்கப்பட்டு, வேறொருவர் புதிதாகப் பதிந்தால் இந்தத் தேதி புதிதாகத் தொடங்கும். ஆகவே `Created` தேதிக்கு முன்பே எடுக்கப்பட்ட பிரதிகள் ஆர்க்கைவில் இருந்தால், அந்த முகவரி நடுவில் ஒருமுறை கைவிடப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் காலாவதியாகாமல் நேரடியாக விற்று வாங்கினால், அல்லது நீக்கத்துக்கு முன்பே ஏலத்தில் போனால், பழைய தேதியே தொடரும். அதனால் பழைய `Created` தேதியை வைத்து "அதே ஆட்கள்தான்" என்று சொல்ல முடியாது. புதிய தேதி எதையாவது நிரூபிக்கும், பழைய தேதி எதையும் நிரூபிக்காது.

இரண்டாம் சுற்று: முகப்பை விட்டுவிட்டு உள்ளே போங்கள்

முகப்புப் பக்கம் அலங்காரம். லோகோ, வண்ணம், பெயர் மூன்றும் ஒரே மாலையில் மாற்றக்கூடியவை. மாற்ற மறந்துபோகும் இடங்கள் உள்ளேதான் இருக்கின்றன: எங்களைப் பற்றி, தொடர்பு, விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் கொள்கை. ஆர்க்கைவிடம் இருக்கும் எல்லா உள்பக்கங்களையும் பார்க்க, முகவரிக்குப் பின்னால் இன்னொரு நட்சத்திரம் சேர்த்தால் போதும்:

```
https://web.archive.org/web/*/example.com/*
```

நீளமான ஒரு அட்டவணை வரும். வடிகட்டும் பெட்டியில் `about`, `contact`, `terms`, `refund` என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இணையக் கடைகளை அமைத்துத் தரும் ஷாப்பிஃபை தளத்தில் இயங்கும் கடைகள் என்றால் கொள்கைப் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி முகவரியில் இருக்கும்: `/policies/terms-of-service`, `/policies/refund-policy`. அட்டவணையில் `Uniques` என்ற பத்தியைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் எத்தனை முறை வேறுபட்ட வடிவத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லும். பணம் திருப்பும் கொள்கைக்கு அந்த எண் இரண்டோ மூன்றோ இருந்தால், அந்தப் பிரதிகளை முதலில் திறங்கள்.

திறந்ததும் நான் முதலில் தேடுவது சட்டப்பூர்வ பெயர். கடைப்பெயர் பலகையில் எழுதும் பெயர்தான். விதிமுறைகளில் "இந்தத் தளத்தை நடத்துவது" என்ற வரியில் வருவதுதான் பதிவு செய்த நிறுவனத்தின் பெயர். கடைப்பெயர் மாறி, இந்தப் பெயரும் பதிவு எண்ணும் மாறாமல் இருந்தால் நடத்துபவர் அவர்களேதான். கடைப்பெயர் அப்படியே இருந்து இந்தப் பெயர் மட்டும் மாறியிருந்தால், கடை விற்கப்பட்டிருக்கலாம். இரண்டாவது வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. நல்ல பெயர் எடுத்த கடையை இன்னொருவர் வாங்கி, பழைய மதிப்புரைகளின் நிழலில் வேறு தரத்தில் நடத்துவதும் ஒரு அடையாள மாற்றம்தான்.

அடுத்தது, பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் முகவரி. கடைப்பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றலாம், கிடங்கை அப்படி மாற்ற முடியாது. தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் குறித்துக்கொண்டு, மேற்கோள் குறிக்குள் போட்டு ஒரு தேடுபொறியில் தேடிப் பாருங்கள். அதே எண் வேறொரு கடைப்பெயரோடு வந்தால் அந்தக் கடையின் பழைய பிரதிகளையும் பார்க்க வேண்டும்.

கொள்கைப் பக்கத்தின் நடுவில் வேறொரு கடையின் பெயர் எட்டிப்பார்ப்பதும் உண்டு. பெயர் மாற்றியவர்கள் நான்கு இடத்தில் திருத்திவிட்டு ஐந்தாவது இடத்தை மறந்திருப்பார்கள். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். புதிதாகக் கடை தொடங்குபவர்கள் வேறொருவர் விதிமுறைகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது மிகச் சாதாரணம். அந்தப் பெயர் நகலெடுக்கப்பட்ட கடையின் பெயராகவும் இருக்கலாம். அதை ஒரு தடயமாக எடுத்துக்கொண்டு, இன்னொரு தனித்த ஆதாரம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

அந்த இன்னொரு ஆதாரம் பக்கத்தின் மூல நிரலில் இருக்கலாம். ஆர்க்கைவ் முகவரியில் 14 இலக்க எண்ணுக்குப் பின்னால் `id_` என்று சேர்த்தால், ஆர்க்கைவ் தன் பட்டையைச் சேர்க்காத அசல் பக்கம் வரும்:

```
https://web.archive.org/web/20220611093000id_/https://example.com/
```

அதைத் திறந்து `Ctrl+U` அழுத்தினால் மூல நிரல். அதில் `Ctrl+F` போட்டு `myshopify` என்று தேடுங்கள். ஷாப்பிஃபை கடைகளில் `Shopify.shop` என்ற சொல்லுக்கு எதிரே, `.myshopify.com` என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். கடை தொடங்கும்போது கிடைத்த பெயர் அது. வெளியே தெரியும் பெயரையும் முகவரியையும் மாற்றிய பிறகும் பழைய பெயர் இங்கே தங்கியிருப்பதைப் பார்க்கலாம். சில கடைகளில் பொருளில்லாத எழுத்துக் கலவையாக இருக்கும். அப்போதும் இரண்டு கடைகளில் ஒரே கலவை வருகிறதா என்று ஒப்பிட உதவும். வேறு வகைத் தளங்களில் `UA-`, `G-`, `GTM-` என்று தொடங்கும் வருகைக் கணக்கீட்டு எண்களைத் தேடலாம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே எண் என்றால் ஒரே கை என்பதற்கு நல்ல அறிகுறி. எண் வேறாக இருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. `UA-` வகை எண்கள் பெரும்பாலான தளங்களுக்கு 2023 ஜூலையில் வேலை செய்வதை நிறுத்தியதால் பலரும் புதிய எண்ணுக்கு மாறிவிட்டார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நான் கட்டிய கற்பனைக் கடை இது. `example.com`, `example.net` இரண்டும் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள், ஆகவே இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டாம்.

`example.com` தோல் பைகள் விற்கிறது. "2009 முதல்" என்கிறது. ஆர்க்கைவில் முதல் பிரதி 2009-இல் இருக்கிறது என்பதும் உண்மை. திறந்தால் அது யாரோ ஒருவரின் தோட்டக்கலைக் குறிப்புகள். 2015 வரை அப்படியே போகிறது. 2016-இல் இரண்டு ஆரஞ்சு வட்டங்கள், 2017-இல் ஒன்றுமில்லை, 2018-இல் "விற்பனைக்கு" என்ற பக்கம். பைக்கடை முதலில் தெரிவது 2022 ஜூனில். பதிவு விவரத்தில் `Created` 2018 என்கிறது. இது வரை போதும், "2009" கடைக்குச் சொந்தமில்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு தோட்டக்காரருடையது.

சரி, அப்படியானால் 2022-இல் முளைத்த கடை யாருடையது? பணம் திருப்பும் கொள்கையின் 2022 பிரதியைத் திறக்கிறோம். நான்காவது பத்தியில் வேறொரு கடைப்பெயர், கைபேசி உறை விற்கும் கடை போலத் தொனிக்கும் பெயர். நகலாகவும் இருக்கலாம் என்பதால் மூல நிரலுக்குப் போகிறோம். `Shopify.shop` எதிரே அதே உறைக்கடையின் பெயர். இப்போது சந்தேகம் கனமாகிறது.

அந்தப் பெயரைத் தேடினால் `example.net` என்ற முகவரி கிடைக்கிறது. அதன் நாட்காட்டியில் 2020, 2021 இரண்டிலும் நீல வட்டங்கள். திறந்தால் கைபேசி உறைகள். விதிமுறைகளில் உள்ள நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் பைக்கடையின் விதிமுறைகளில் உள்ளவையேதான். 2022 ஜூலையில் ஒரு பச்சை வட்டம். அதைச் சொடுக்கினால் `example.com`-க்குத் திருப்பி விடுகிறது. பச்சை வட்டம் முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். பழைய முகவரியைக் கையில் வைத்திருந்தவர் தன் வாடிக்கையாளர்களைப் புதிய முகவரிக்கு அனுப்பியிருக்கிறார் என்பதை அது தேதியோடு காட்டுகிறது.

கண்டதை எழுதும்போது எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவே எழுதுங்கள். "2022 ஜூன் பிரதியில் பைக்கடை முதலில் தெரிகிறது. ஜூலை பிரதியில் உறைக்கடையின் முகவரி இதற்குத் திருப்பப்பட்டிருக்கிறது. இரண்டின் விதிமுறைகளிலும் ஒரே நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் உள்ளன." இது போதும். "ஜூலையில் பெயரை மாற்றினார்கள்" என்று எழுதினால் தவறாகிவிடும். பிரதிகள் காட்டுவது இரண்டு எல்லைகளை மட்டும்தான்: இந்தத் தேதியில் இப்படி இருந்தது, அந்தத் தேதியில் அப்படி இருந்தது. மாற்றம் நடுவில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

தவறாகப் படிக்கும் இடங்கள்

ஒரு பிரதி முழுக்க ஒரே நொடியில் எடுத்த படம் என்று நினைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பக்கத்தின் எழுத்து ஒரு நாள் சேமிக்கப்பட்டிருக்கும், அதில் உள்ள லோகோவோ பொருள் படமோ வேறொரு மாதத்தில் சேமித்ததாக இருக்கும். ஆர்க்கைவ் இரண்டையும் ஒட்டிக் காட்டுகிறது. பழைய பெயரும் புது லோகோவும் ஒரே பக்கத்தில் தெரிந்தால் அதை ஆதாரமாக எடுப்பதற்கு முன், மேல்பட்டையில் `About this capture` என்பதைத் திறந்து ஒவ்வொரு துண்டும் எந்தத் தேதியுடையது என்று பாருங்கள். பிரதிக்குள் ஒரு இணைப்பைச் சொடுக்கினாலும் இதே கவனம் வேண்டும். 2019 பிரதியிலிருந்து "தொடர்பு" பக்கத்தைத் திறந்தால், அருகில் இருக்கும் பிரதிக்கு அது உங்களைக் கூட்டிப்போகும். அது 2021-ஆகவும் இருக்கலாம். ஒவ்வொரு சொடுக்குக்கும் பிறகு 14 இலக்க எண்ணைப் பாருங்கள்.

பிரதி இல்லை என்றால் தளம் இல்லை என்று பொருளாகாது. சேகரிக்கும் நிரல் அந்தப் பக்கம் வராமல் இருந்திருக்கலாம், அல்லது கடை அதைத் தடுத்திருக்கலாம். தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பிரதிகள் பொதுப் பார்வையிலிருந்து விலக்கப்படுவதும் உண்டு. அப்போது அந்த முகவரி விலக்கப்பட்டது என்ற செய்தி வரும். இந்த இரண்டு நிலையிலும் `archive.ph` என்ற தளத்தில் ஒருமுறை தேடுங்கள். அங்கே யாராவது கேட்டால்தான் பிரதி எடுக்கப்படும் என்பதால் எண்ணிக்கை குறைவு. ஆனால் சர்ச்சைக்குள்ளான கடைகளை வாடிக்கையாளர்களே அங்கே சேமித்து வைத்திருப்பார்கள்.

பெயர் மாற்றமே குற்றம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவனங்கள் இணைகின்றன, பெயர் உரிமைச் சிக்கலில் மாற்ற வேண்டி வருகிறது, உறை விற்றவர் பை விற்க ஆசைப்படுகிறார். ஒளிக்காதவர்கள் மாறிய பிறகு சில மாதங்களாவது "முன்பு இந்தப் பெயரில் இயங்கினோம்" என்று முகப்பிலோ அடிக்கடி கேட்கும் கேள்விகளிலோ சொல்வார்கள். மாற்றம் நடந்த இடைவெளியை ஒட்டிய பிரதிகளில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் என் பார்வையில் கவலை பாதி குறைந்தது. அறிவிப்பும் இல்லை, பழைய பெயரில் தீர்க்காத புகார்கள் இருக்கின்றன, புதுப் பெயருக்குப் பொருந்தாத "2009 முதல்" வேறு இருக்கிறது என்றால், நான் அங்கே வாங்க மாட்டேன்.

இன்றைய பக்கத்தையும் சேமியுங்கள்

வாங்குவதாக முடிவு செய்தாலும், வாங்குவதற்கு முன் `web.archive.org/save` போய் இன்றைய பொருள் பக்கம், பணம் திருப்பும் கொள்கை, விதிமுறைகள் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சேமித்துவிடுங்கள். சேமித்ததும் திறந்து பாருங்கள், ஸ்கிரிப்டை அதிகம் நம்பும் தளங்கள் சில நேரம் வெறுமையாகச் சேமிக்கப்படும். அப்படியானால் `archive.ph`-இல் முயலுங்கள், அல்லது உலாவியில் `Ctrl+P` போட்டு பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். கிடைத்த பிரதி முகவரிகளை ஆர்டர் உறுதி மின்னஞ்சலோடு சேர்த்து வைத்தால், நாளை அவர்கள் கொள்கையை மாற்றிவிட்டு "எப்போதும் இப்படித்தான் இருந்தது" என்றால், உங்கள் வங்கியிடமோ அட்டை நிறுவனத்திடமோ தேதியோடு காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும்.